குளோஸ் மீற்றர்: 60 டிகிரில ஒண்டாத் தெரியிற ரெண்டு கதவு

கிளிநொச்சியில எங்கட கராஜில வாகனத்துக்கு பெயின்ற் அடிக்கிறது. பெயின்ற்றின்ர மினுக்கத்தை 20, 60, 85 டிகிரி எண்டு மூண்டு கோணத்தில வெளிச்சம் விட்டு அளக்கிற குளோஸ் மீற்றர் ஒண்டு சில வருசமாப் பாவிக்கிறன். வாங்க நினைக்கிறாக்கள் 60 மட்டும் உள்ளதை மலிவா எடுக்கலாமோ எண்டு கேக்கினம், வாகன வேலை எண்டால் அது காணாது எண்டுதான் சொல்லுவன், ஏனெண்டு ஒரு வான் கதவை வச்சுச் சொல்லுறன்.

கறுப்பு வான், ஒரு கதவு மட்டும் புதுசா அடிச்சு கிளியர் கோட் போட்டது. நிழலுக்க ரெண்டு கதவும் ஒரே மாதிரித்தான் இருந்தது. வெயிலுக்க விட்ட உடனே ஓனர், "அண்ணை, புதுக்கதவு பால் படிஞ்ச மாதிரிக் கிடக்கு" எண்டார். 60 டிகிரில அளந்தால் பழசு 92, புதுசு 90, இதைக் காட்டி வித்தியாசம் இல்லையெண்டு அவரை அனுப்பியிருக்கலாம், ஆனா அவற்ற கண் சரி. 20 டிகிரிக்கு மாத்தினால் பழசு 85, புதுசு 68.

ஏன் இப்பிடி? பொழுது சாயிற நேரம் சூரியனுக்கு எதிராத் தார் றோட்டைச் சரிவாப் பாத்தால் மினுங்கும், கிட்டப்போய் மேல இருந்து பாத்தால் சொரசொரப்புத்தான், அதே கதைதான் இது. கோணம் எண்டிறது மட்டத்தில இருந்து இல்லை, நேர் செங்குத்தில இருந்து எண்ணுறது, அதால 20 எண்டால் கிட்டத்தட்ட மேல இருந்து விழுற வெளிச்சம், 85 எண்டால் மட்டத்தைத் தடவிக்கொண்டு போற வெளிச்சம். சரிவு கூடக்கூட நுண்ணிய கீறல் எல்லாம் வெளிச்சத்துக்குத் தெரியாமப் போகும். அதோட 20 டிகிரில வெளிச்சத்தை வாங்கிற துவாரம் சின்னன், கொஞ்சம் சிதறினாலும் வெளியில போயிடும், எண் விழுந்திடும். முதல்ல 60ல அளந்து 70க்கு மேல வந்தால் 20க்குப் போறது, 10க்குக் கீழ வந்தால் 85க்குப் போறது, இதுதான் வழமை. சுவருக்கு அடிக்கிற மட் பெயின்றுக்கு 85 வேணும், 60ல எல்லாம் 3, 4 எண்டுதான் காட்டும்.

அந்தக் கதவில அடுத்ததா மீற்றரை அதே இடத்தில வச்சு குறுக்கால திருப்பி அளந்தன். 68 எண்டது 76 ஆச்சு. திருப்பினால் எண் மாறுது எண்டால் கீறலுக்கு ஒரு திசை இருக்கு, அதாவது தண்ணிப் பேப்பர் தேச்ச கோடு இன்னும் போகேல்லை. மாறாட்டி கிளியர் கோட்டே காய்ஞ்ச தூளா விழுந்திருக்கலாம், இஞ்சத்த வெக்கையில கெதியாக் காயிற தின்னர் போட்டால் அது நடக்கும், அதுக்கு பொலிஷ் மட்டும் காணாது. இது கோடுதான், நைஸ் கொம்பவுண்டால திரும்ப பொலிஷ் பண்ண ரெண்டு பக்கமும் 83க்கு வந்திட்டுது. ஆனா ஒண்டு, பொலிஷ் எண்ணெய் கீறலுக்க நிண்டு எண்ணைக் கூட்டிக் காட்டும், ஐசோபுறொப்பைல் அல்ககோலால துடைச்சிட்டு அளந்தால்தான் அது உண்மையான எண்.

இனி டைல். மீற்றரோட வாற கறுப்புக் கண்ணாடித் துண்டுதான் எல்லாத்துக்கும் அடிப்படை. ஒளிவிலகல் சுட்டி 1.567 உள்ள மினுக்கின கறுப்புக் கண்ணாடியை ஒவ்வொரு கோணத்திலயும் 100 எண்டு வச்சுத்தான் அளவு தொடங்குது, எங்கட டைலில அதுக்கெண்டு அளந்த பெறுமானம் மூண்டு கோணத்துக்கும் தனித்தனியா எழுதியிருக்கும். ஒரு மீற்றரின்ர டைலை இன்னொண்டில வச்சு எண்ணைச் சரியாக்கிற கலிபிறேற் வேலை செய்யக்கூடாது, பெறுமானம் வேற.

டைலில அழுக்கு இருந்தால் எண் குறையும் எண்டு கனபேர் நினைக்கினம். நடக்கிறது தலைகீழ். டைலில 94 எண்டு எழுதியிருக்கு, விரல் எண்ணெயும் புழுதியும் சேந்து உண்மையில 90 அளவுக்குத்தான் தெறிக்குது எண்டு வைப்பம், மீற்றர் அந்த 90ஐத்தான் 94 எண்டு எடுத்துக்கொள்ளும். பிறகு 80 உள்ள கதவு 83.5 எண்டு காட்டும். வேலை நல்லா வந்தமாதிரித் தெரியும், ஆனா வந்திருக்காது. ஏ9 பக்கத்துப் புழுதியில மூடியைத் திறந்து வச்சால் இது கெதியா வரும்.

அதால கலிபிறேற் பண்ண முதல் டைலை ஊதி, பிறகு லென்ஸ் துடைக்கிற துணியில அல்ககோல் தொட்டு மெல்லமாத் துடைக்கிறன், சேட் நுனியால தேய்க்கிற வேலையே இல்லை, கீறல் விழுந்தால் அந்த டைல் முடிஞ்சுது. வெயிலுக்க வந்த மீற்றரைக் கொஞ்ச நேரம் நிழலில விட்டிட்டுத்தான் தொடங்கிறது. ரெண்டாவது டைல் ஒண்டு பெட்டிக்க தனியா இருக்கு, கலிபிறேற் முடிஞ்ச பிறகு அதை அளந்து பாப்பன், அதில எழுதின எண்ணில இருந்து ஒண்டுக்கு மேல விலகினால் முதல் டைலைத் திரும்பத் துடைக்கிறது, துடைச்சும் வராட்டி லாபுக்கு அனுப்பவேணும். கறுப்பு வெல்வெற் துணியில வச்சு பூச்சியம் வருதோ எண்டும் பாக்கிறது.

இந்த மீற்றரால ஏலாததும் இருக்கு. மோட்டார் சைக்கிள் டாங்கி மாதிரி வளைஞ்ச இடத்தில அடி ஒட்டாது, எண்ணை நம்பேலாது. தோடம்பழத்தோல் மாதிரி அலையா இருக்கிற பெயின்றும் 20 டிகிரில 85 காட்டும், அதுக்கு டியூப் லைற்றின்ர விம்பம் கதவில நேரா விழுதோ எண்டு கண்ணால பாக்கிறதுதான் எங்கட வழி.