விளம்பரச் செலவு: 1.18ஆல் பெருக்குவதா, வகுப்பதா, இன்வாய்ஸைப் பிடிப்பதா?

ஓர் ஆன்லைன் துணிக்கடையை எடுத்துக்கொள்வோம். அக்டோபர் மாத விளம்பரச் செலவு ரூ.7,12,600 என்கிறது மார்க்கெட்டிங். கார்டு ஸ்டேட்மென்ட்டைக் கூட்டிய அக்கவுண்ட்ஸ் ரூ.7,87,060 என்கிறது. "வித்தியாசம் ஜிஎஸ்டி" என்று சொல்லி இரு தரப்பும் கூட்டத்தை முடித்துவிடுவது வழக்கம். ஆனால் 7,12,600க்கு 18% வரி 1,28,268 ரூபாய். இங்கே வித்தியாசமோ 74,460தான். வரியோடு சேர்த்துப் பார்த்தால் கார்டில் இன்னும் 53,808 ரூபாய் போயிருக்க வேண்டும், போகவில்லை.

இந்த இடைவெளியை அடைக்க மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. டாஷ்போர்டு எண்ணை 1.18ஆல் பெருக்கி அக்கவுண்ட்ஸ் பக்கம் போவது ஒன்று. கார்டிலிருந்து போன பணத்தை 1.18ஆல் வகுத்து மார்க்கெட்டிங் பக்கம் வருவது இன்னொன்று. மூன்றாவது, இரண்டையும் விட்டுவிட்டு வரி இன்வாய்ஸில் உள்ள வரிக்கு முந்தைய மதிப்பை நடுவில் வைத்து இரு பக்கத்தையும் அதனுடன் ஒப்பிடுவது. அதே அக்டோபர் கணக்கை மூன்றிலும் போட்டுப் பார்க்கலாம். எண்கள் புரிவதற்காக முழுமையாக்கப்பட்டவை.

கடைக்கு கூகுள், மெட்டா இரண்டிலும் இந்திய நிறுவனப் பெயரில், ரூபாயில், 18% ஜிஎஸ்டியுடன் பில் வருகிறது. இரண்டிலும் கார்டில் தானாகப் பணம் பிடிக்கும் முறை. கூகுள் ரிப்போர்ட்டில் அக்டோபர் செலவு 4,12,600. மெட்டாவில் 3,00,000. இரண்டு ரிப்போர்ட்டும் வரி இல்லாத தொகையைத்தான் காட்டும்.

டாஷ்போர்டைப் பெருக்குவது

7,12,600 × 1.18 = 8,40,868. இந்த எண் எந்த ஸ்டேட்மென்ட்டிலும் வராது, எந்த பில்லிலும் வராது. விளம்பரம் ஓடிய தேதியும் பணம் பிடித்த தேதியும் ஒன்றல்ல என்பதே முக்கியக் காரணம். பிளாட்ஃபார்ம், செலவு ஒரு வரம்பைத் தொட்டதும் பணம் எடுக்கும். வரம்பைத் தொடாத மீதியை அதற்கென வைத்திருக்கும் பில் தேதியில் எடுக்கும். ஆக, அக்டோபர் முதல் வாரத்தில் பிடித்த பணத்தில் செப்டம்பர் செலவு கலந்திருக்கும். அக்டோபர் கடைசி நாட்களின் செலவு நவம்பர் ஸ்டேட்மென்ட்டுக்குப் போய்விடும்.

இதில் நல்லது என்று ஒன்று உண்டு: அடுத்த மாதத்துக்குக் கணக்கில் எவ்வளவு பணம் வேண்டும் என்று சொல்ல இது போதும். முன்பணம் கட்டி ஓட்டும் கூகுள் கணக்குகளில் இது அவசியமும்கூட. ஒரு லட்சம் கட்டினால் வரி போக ரூ.84,745.76தான் விளம்பரத்துக்கு நிற்கும். ஒரு லட்சத்துக்கு கேம்பெய்ன் திட்டம் போட்டிருந்தால், மாதக் கடைசியில் விளம்பரம் தானாக நின்றுபோகும். கட்ட வேண்டியது 1,18,000. நடந்து முடிந்த மாதத்தைக் கணக்குப் பார்க்க மட்டும் இந்த வழி ஆகாது.

கார்டுத் தொகையை வகுப்பது

7,87,060 ÷ 1.18 = 6,67,000. டாஷ்போர்டிலிருந்து 45,600 குறைவு. இதை 1.18ஆல் பெருக்கினால் மேலே காணாமல்போன 53,808 அப்படியே வந்துவிடும். ஆக, இடைவெளிக்கும் வரிக்கும் சம்பந்தமே இல்லை. வரி இரு பக்கமும் ஒரே விகிதத்தில்தான் இருக்கிறது.

இங்கே அடிக்கடி பார்க்கும் தப்பு, வகுப்பதற்குப் பதில் 18% கழிப்பது. 7,87,060 × 0.82 = 6,45,389. வரி சேர்ந்த தொகையில் வரியின் பங்கு 18% அல்ல, 18/118, அதாவது 15.25%. இந்த ஒரு பிழையே 21,611 ரூபாய் கூடுதல் ஓட்டை போடும். வித்தியாசம் ஒவ்வொரு மாதமும் கார்டுத் தொகையின் 2.75% அளவிலேயே நின்றால், யாரோ 0.82ஐ ஷீட்டில் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சரியாக வகுத்தாலும் இந்த வழி மூன்று இடங்களில் காலை வாரும். முதலாவது, மேலே சொன்ன தேதி விவகாரம். இரண்டாவது டிடிஎஸ், அதாவது பணம் கட்டுபவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி. கடன் முறையில் மாத பில் வாங்கும் நிறுவனம் 2% டிடிஎஸ் பிடித்துக்கொண்டு மீதியைக் கட்டுகிறது என்று வையுங்கள். டிடிஎஸ் வரிக்கு முந்தைய மதிப்பின் மேல்தான்; பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அதன் மேல் பிடிக்க வேண்டாம் என்று 2017இன் 23ஆம் எண் சுற்றறிக்கை சொல்கிறது. ஒரு லட்சம் பில்லுக்கு வங்கியிலிருந்து போவது 1,00,000 + 18,000 − 2,000 = 1,16,000. இதை 1.18ஆல் வகுத்தால் 98,305 வரும், லட்சம் வராது.

கார்டில் தானாகப் பிடிக்கும்போது நிலைமை தலைகீழ். பிளாட்ஃபார்ம் முழுத் தொகையையும் எடுத்துக்கொள்ளும். நிறுவனம் டிடிஎஸ்ஸைத் தன் கையிலிருந்து அரசுக்குக் கட்டி, டிடிஎஸ் சான்றிதழ் கொடுத்து பிளாட்ஃபார்மிடம் திரும்பப் பெற வேண்டும். அந்தத் தொகை வரவேண்டிய பாக்கி. அவசரத்தில் அதையும் விளம்பரச் செலவு லெட்ஜரில் போட்டுவிட்டால் செலவு 2% உப்பிவிடும்.

மூன்றாவது, வெளிநாட்டு நிறுவனப் பெயரில் வரும் பில். அதில் ஜிஎஸ்டியே இருக்காது. இங்கே ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நிறுவனமே 18% கட்ட வேண்டும். கார்டில் போனது வரியில்லாத தொகை (கூடவே வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம்). அதை 1.18ஆல் வகுத்தால் செலவில் 15% காணாமல்போகும். வகுக்கும் முன் பில்லின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

இன்வாய்ஸை நடுவில் வைப்பது

அக்டோபருக்கான கூகுள் மாத இன்வாய்ஸில் வரிக்கு முந்தைய மதிப்பு 4,10,000, ஐஜிஎஸ்டி 73,800. ரிப்போர்ட்டைவிட 2,600 குறைவு. செப்டம்பரில் விழுந்த போலி கிளிக்குகளை கூகுள் பின்னால் கண்டுபிடித்துக் கொடுத்த கிரெடிட் இது. பில்லிங் பக்கத்தில் Invalid activity என்று தனி வரியாக வரும். உடனே பிடிபடும் போலி கிளிக்குகளுக்குச் செலவே ஏறாது. தாமதமாகப் பிடிபடுபவைக்குத்தான் இப்படி கிரெடிட் வரும், அதைக் கழித்து பழைய ரிப்போர்ட் திருத்தப்படுவதில்லை. மாத வரம்பைத் தாண்டி ஓடிய செலவும் இதே மாதிரிதான்: ஓடிய விளம்பரத்தின் மதிப்பான Served cost கூடுதலாகவும் பில்லில் ஏறும் Billed cost குறைவாகவும் நிற்கும். மார்க்கெட்டிங் எடுப்பது முன்னது, அக்கவுண்ட்ஸுக்கு வருவது பின்னது.

மெட்டாவில் அக்டோபர் தேதியிட்ட பில்களின் கூட்டுத்தொகை வரிக்கு முன் 2,87,000, ஜிஎஸ்டி 51,660. அக்டோபர் 3இல் வந்த முதல் பில்லில் செப்டம்பர் செலவு 22,000 இருக்கிறது. அக்டோபர் 31 இரவில் பில் ஆகாத செலவு 35,000 நிற்கிறது. இப்போது கட்டிப் பார்க்கலாம்:

| | ரூ. |
|---|---|
| கூகுள் இன்வாய்ஸ், வரிக்கு முன் | 4,10,000 |
| மெட்டா பில்கள், வரிக்கு முன் | 2,87,000 |
| கழிக்க: செப்டம்பர் செலவு (மெட்டா) | −22,000 |
| கூட்ட: பில் ஆகாத அக்டோபர் செலவு (மெட்டா) | 35,000 |
| கணக்குப் புத்தகச் செலவு | 7,10,000 |
| கூட்ட: போலி கிளிக் கிரெடிட் (கூகுள்) | 2,600 |
| மார்க்கெட்டிங் ரிப்போர்ட் | 7,12,600 |

ஒரு ரூபாய்கூட விளக்கமில்லாமல் நிற்கவில்லை. கார்டுக் கணக்கு தனி வேலையாகிறது: கூகுளுக்கு மாதத் தொடக்கத்தில் கட்டாத பாக்கி 60,000, முடிவில் 90,000 (இரண்டும் வரிக்கு முன்). 60,000 + 4,10,000 − 90,000 = 3,80,000. வரியோடு 4,48,400. மெட்டா பில்கள் வரியோடு 3,38,660. கூட்டினால் 7,87,060, ஸ்டேட்மென்ட் எண்ணேதான்.

அந்த 35,000ஐ அக்டோபர் 31இல் ஒதுக்கீடாகப் போட்டு நவம்பர் 1இல் திருப்பிவிட வேண்டும். ஜிஎஸ்டி சேர்க்காமல்தான் போட வேண்டும். இன்வாய்ஸ் வராமல், கொடுத்த ஜிஎஸ்டியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும் ஐடிசி கிடையாது. வரிப் பக்கத்தில் 73,800 + 51,660 = 1,25,460 என்ற தொகை, அடுத்த மாதம் 14ஆம் தேதி உருவாகும் ஐடிசி பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பியில் வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது, விளம்பரக் கணக்கின் பேமென்ட் புரொஃபைலில் நிறுவனத்தின் ஜிஎஸ்டி பதிவு எண் இருக்கிறதா என்பதை. புது கேம்பெய்னுக்காக யாரோ அவசரத்தில் திறந்த இரண்டாவது கணக்கில் அது பெரும்பாலும் காலியாக இருக்கும். அந்த பில் சாதாரண நுகர்வோர் பில்லாகப் போய்விடும், வரி நிறுவனத்தின் தலையில் விழும்.

ஷீட்டில் பில் ஒன்றுக்கு ஒரு வரி. B வரிக்கு முந்தைய மதிப்பு, C வரி, D மொத்தம். ஒவ்வொரு பில்லுக்கும் இந்தச் சோதனை போதும்:

```
=ROUND(B2*0.18,2)-C2
=ROUND(B2+C2,2)-D2
```

இரண்டும் பூஜ்யமாக வர வேண்டும். சில பைசா வந்தால் ரவுண்டிங். முதல் சூத்திரத்தில் முழு 18%உம் நின்றால் அது வெளிநாட்டு பில்.

நேர மண்டலம் ஒரு சின்னத் தொல்லை. கணக்கு பசிபிக் நேரத்தில் திறக்கப்பட்டிருந்தால், அதன் அக்டோபர் 1 நமக்குப் பகல் 12.30க்குத்தான் தொடங்கும். மாத முதல், கடைசி நாட்களில் மட்டும் எண்கள் பொருந்தாமல் போனால் இதைப் பாருங்கள்.

இந்த மூன்றாவது வழிக்கு மாதம் சில மணி நேரம் பிடிக்கும், பில்களை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். மாதம் பத்தாயிரம் செலவழிக்கும் கடைக்கு இது அதிகம். அவர்கள் கார்டுத் தொகையை வகுத்துக்கொண்டு போகலாம். லட்சங்களில் செலவு என்றால் எங்கள் தேர்வு இதுதான்.

எந்த எண்ணைச் செலவு என்று சொல்வது

ஐடிசி கிடைக்கும் கடைக்கு வரி செலவல்ல, எனவே இருவரும் வரியில்லாத எண்ணையே பேசலாம். ஆனால் விற்பனை எண்ணையும் அதே தளத்துக்கு இறக்க வேண்டும். டாஷ்போர்டில் ஏறும் விற்பனை பெரும்பாலும் செக்-அவுட்டில் வாடிக்கையாளர் கட்டிய, வரி சேர்ந்த தொகை. விற்பனை 28,50,400 என்றால் 7,12,600ஆல் வகுத்து 4.00 மடங்கு வருமானம் என்பார்கள். எல்லாம் 5% வரி கொண்ட உடைகள் என்றால், வரி போக விற்பனை 27,14,667. மடங்கு 3.81. லாபத்துக்குத் தேவையான மடங்கை 4 என்று வைத்திருந்தால் கேம்பெய்ன் அங்கே எட்டவில்லை.

மருத்துவமனை, பள்ளி போல வரிவிலக்குச் சேவை மட்டும் தருபவர்களுக்கும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கும் கதை வேறு. ஐடிசி இல்லை, 18% முழுவதும் செலவு. மேலே உள்ள அட்டவணையை அப்படியே கட்டி, கணக்குப் புத்தகச் செலவை 1.18ஆல் பெருக்கி, ஒரு நோயாளிக்கோ ஒரு சேர்க்கைக்கோ ஆகும் செலவை அதில் கணக்கிட வேண்டும். அக்டோபர் 31 ஒதுக்கீட்டையும் அவர்கள் வரியோடு 41,300 என்றே போட வேண்டும்.