ஐந்து போர்ட் சுவிட்ச்: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

என் வேலை அறையில் கணினி, கோப்புகளைச் சேமிக்கும் நாஸ் பெட்டி, பிரிண்டர் மூன்றுக்கும் கேபிள் இணைப்பு தேவைப்பட்டது. கூடத்தில் இருக்கும் ரவுட்டரிலிருந்து சுவருக்குள் வருவதோ ஒரே ஒரு கேபிள்தான். அதனால் ஐந்து போர்ட் கொண்ட கிகாபிட் சுவிட்ச் ஒன்றை வாங்கினேன். அன்மேனேஜ்டு வகை, கடவுச்சொல்லும் அமைப்புப் பக்கமும் கிடையாது. சுவர்க் கேபிளை ஒரு போர்ட்டிலும் மற்றவற்றை அடுத்தடுத்த போர்ட்டுகளிலும் செருகியதோடு வேலை முடிந்தது.

கணினிக்கும் நாஸுக்கும் இடையே பெரிய கோப்புகள் நொடிக்கு சுமார் 110 மெகாபைட் வேகத்தில் நகர்கின்றன. இரண்டும் ஒரே சுவிட்சில் இருப்பதால் அந்தப் போக்குவரத்து கூடத்துக்குப் போகவே தேவையில்லை. இதற்காகவே இந்தப் பெட்டியை மனதாரப் பாராட்டுவேன்.

ஆனால் இணைய வேகம் ஏமாற்றியது. நான் கட்டணம் செலுத்துவது 200 மெகாபிட் திட்டத்துக்கு; சோதனையில் எப்போதும் 94தான் வந்தது. கணினியின் அமைப்பில் பார்த்தால் இணைப்பு வேகம் 1000 மெகாபிட், அதாவது ஒரு கிகாபிட் என்றே காட்டியது. இங்கேதான் பல நாள் தடுமாறினேன். கணினி காட்டுவது தனக்கும் சுவிட்சுக்கும் இடையிலான வேகத்தை மட்டுமே. சுவிட்சுக்கும் ரவுட்டருக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

அதைக் காட்டிக்கொடுத்தது சுவிட்சின் விளக்குதான். என் மாடலில் கிகாபிட் என்றால் பச்சை, அதற்குக் குறைந்தால் ஆரஞ்சு. சுவர்க் கேபிளின் போர்ட்டில் மட்டும் ஆரஞ்சு எரிந்தது. கிகாபிட்டுக்குக் கேபிளின் எட்டுக் கம்பிகளும் தேவை. 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். மற்ற நான்கில் ஒரு கம்பி விட்டுப்போனால் பெரும்பாலும் இணைப்பு அறுவதில்லை, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். சுவர்முனையில் கனெக்டரை வெட்டிவிட்டுப் புதிதாகப் பொருத்தியதும் விளக்கு பச்சையானது, சோதனையில் 190ஐத் தாண்டியது. இணைய வேகம் 90களிலேயே நின்றால் முதலில் இந்த விளக்கைப் பாருங்கள். கேபிள் சரியாக இருந்தும் ஆரஞ்சு எரிந்தால், ரவுட்டரின் போர்ட்டே 100 மெகாபிட் வகையாக இருக்கலாம்.

இன்னொரு குறையைக் கேபிளாலும் தீர்க்க முடியவில்லை. நாஸ் இரவில் இணையத்துக்குக் காப்புப்பிரதி அனுப்பும்போது, கணினியில் வீடியோ அழைப்பு திக்கித் திணறியது. எது அவசரம், எது காத்திருக்கலாம் என்று தரம் பிரிக்கச் சொல்வதற்கு இந்தச் சுவிட்சில் வழியில்லை. இருந்திருந்தாலும், நெரிசல் ஏற்படுவது ரவுட்டரிலிருந்து வெளியே போகும் பாதையில். ரவுட்டரில் முன்னுரிமை வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தலாம், என்னுடையதில் இல்லை. எனவே காப்புப்பிரதி மென்பொருளிலேயே பதிவேற்ற வேகத்துக்கு 100 மெகாபிட் வரம்பு வைத்தேன். அதன்பின் அழைப்புகள் தடுமாறவில்லை.