நிறத்துக்கு அசையாது, திருகுக்கு அசையும்: ஃப்ரெனெல் ரோம்புடன் நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் ஒளியியல் ஆய்வகத்தில் நேர்கோட்டுத் தளவிளைவுற்ற ஒளியை வட்டத் தளவிளைவுற்ற ஒளியாக மாற்றும் வேலை பெரும்பாலும் ஒரு ஃப்ரெனெல் ரோம்பிடமே விடப்பட்டிருக்கிறது. 10 மில்லிமீட்டர் ஒளித்துளை கொண்ட, போரோசிலிக்கேட் கிரவுன் கண்ணாடியில் வெட்டி மெருகேற்றிய சாய்ந்த கட்டி அது. பல ஆண்டுகளாகப் பல நிற லேசர்களோடு அதைப் பயன்படுத்தியவன் என்ற முறையில், விவரத்தாளில் இடம்பெறாத சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

கட்டி செய்யும் வேலை எளிமையானது. முழு அக எதிரொளிப்பின்போது ஒளியின் ஆற்றல் முழுவதும் கண்ணாடிக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. ஆனால் படுதளத்துக்குள் அதிரும் கூறும் அதற்குச் செங்குத்தாக அதிரும் கூறும் வெவ்வேறு அளவு கட்டத் தாவலுக்கு உள்ளாகின்றன. ஓர் எதிரொளிப்பில் இரண்டுக்கும் இடையே தோன்றும் கட்ட வேறுபாடு δ என்றால், படுகோணம் θ, ஒளிவிலகல் எண் n ஆகியவற்றோடு அதன் தொடர்பு இது:

tan(δ/2) = cosθ · √(sin²θ − 1/n²) / sin²θ

n = 1.515 எனக் கொண்டால் δ எட்டக்கூடிய உச்ச மதிப்பு சுமார் 46.3 பாகை மட்டுமே. வட்டத் தளவிளைவுக்குத் தேவையான 90 பாகை ஒரே எதிரொளிப்பில் கிடைக்க வழியில்லை. ஆகவேதான் ஃப்ரெனெல் 45 பாகையை இருமுறை பெறும்படி கட்டியை அமைத்தார். அந்த 45 பாகை இரண்டு படுகோணங்களில் கிடைக்கிறது: ஒன்று 48.1 பாகை, மற்றொன்று 55.1 பாகை. எங்கள் கட்டி இரண்டாவது வகை. அதுவே நல்ல தேர்வு என்பேன். ஏனெனில் கண்ணாடிக்குள் கோணம் 1 பாகை பிசகினால் 48.1-இன் பக்கம் ஓர் எதிரொளிப்புக்கு ஏறத்தாழ 1.2 பாகை கட்டம் மாறுகிறது, 55.1-இன் பக்கமோ 0.65 பாகைதான் மாறுகிறது. உருகிய சிலிக்காவில் இந்த இரட்டை எதிரொளிப்புக் கட்டியைச் செய்ய இயலாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதன் ஒளிவிலகல் எண்ணுக்கு δ-வின் உச்சமே 42 பாகை அளவில் நின்றுவிடுகிறது. புறஊதாவுக்குச் செல்பவர்கள் மூன்று எதிரொளிப்புகள் கொண்ட வடிவத்தை நாட வேண்டும்.

இதை வாங்குவதற்கான முதன்மைக் காரணம் நிறம். மேலே உள்ள சமன்பாட்டில் அலைநீளம் நேரடியாக வருவதே இல்லை. n வழியாக மட்டுமே நுழைகிறது. 633 நானோமீட்டரில் சரியாக 90 பாகை தரும் கட்டி, 405 நானோமீட்டர் ஊதா லேசருக்கு 91.5 பாகையும் 1064 நானோமீட்டர் அகச்சிவப்புக்கு 89.2 பாகையும் தருகிறது. இதே வேலைக்காக 633-க்கென்று செய்த குவார்ட்ஸ் கால் அலைத்தகடு அதே ஊதா ஒளிக்கு 140 பாகையைத் தாண்டிவிடும். லேசரை மாற்றும்போதெல்லாம் தகட்டையும் மாற்ற வேண்டிய தொல்லை இந்தக் கட்டியால் எங்களுக்கு அடியோடு நீங்கியது.

ஆனால் நிறத்துக்கு அசையாத இந்தக் கட்டி வேறு சிலவற்றுக்கு நன்றாகவே அசைகிறது. அதை அறிய நான் பயன்படுத்தும் வழி, கட்டிக்குப் பின்னால் ஒரு தளவிளைவுப் பகுப்பானை வைத்து, மெதுவாகச் சுழற்றி, ஒளி டையோடின் அளவீட்டைக் கவனிப்பது. ஒளி முற்றிலும் வட்டமாக இருந்தால் அளவீடு மாறாது. மாறினால், எவ்வளவு மாறுகிறது என்பதைவிட எந்தத் திசையில் உச்சம் வருகிறது என்பதே அதிகம் சொல்லும். படுதளத்துக்கு இணையாகவோ செங்குத்தாகவோ உச்சம் வந்தால் இரு கூறுகளின் வீச்சுகள் சமமாக இல்லை. உள்ளே வரும் ஒளியின் தளம், படுதளத்தோடு அமைய வேண்டிய 45 பாகையிலிருந்து விலகியிருக்கிறது. மாறாக, படுதளத்துக்கு 45 பாகைச் சாய்வில் உச்சம் வந்தால் வீச்சுகள் சரி, கட்ட வேறுபாடுதான் 90-ஐ விட்டு நகர்ந்திருக்கிறது. உள்வரும் தளம் 1 பாகை பிசகினாலே உச்சமும் தாழ்வும் ஏறத்தாழ 7 சதவீதம் வேறுபடுகின்றன. கட்டியை ஊதா லேசருக்குக் கொண்டுசெல்வதால் வரும் வேறுபாடோ 5 சதவீத அளவுதான். நிறத்தைக் குறை சொல்லும் முன் முன்புறத் தளவிளைவாக்கியின் கோணத்தைச் சரிபார்ப்பது நல்லது.

45 பாகைச் சாய்வில் தோன்றும் பிழைக்கு எங்கள் அனுபவத்தில் பெரும்பாலும் காரணம் பிடிப்பான்தான். கட்டியோடு வந்த பிடிப்பானில் பக்கவாட்டுத் தட்டையை அழுத்தும் ஒரு திருகு இருந்தது. பகுப்பானை 45 பாகையில் நிறுத்தி அந்தத் திருகைச் சற்றே முறுக்கினால், அளவீடு கண்முன்னே நகரும், தளர்த்தினால் திரும்பும். கணக்கும் இதற்கு ஒத்துவருகிறது. 10 மில்லிமீட்டர் துளைக்குக் கண்ணாடிக்குள் ஒளி செல்லும் பாதை ஏறக்குறைய 29 மில்லிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ எடை அளவுக்குத் தகைவு ஏற்பட்டாலே, அந்தப் பாதை முழுவதும் சேரும் இரட்டை ஒளிவிலகல் சுமார் 8 நானோமீட்டர் பாதை வேறுபாட்டைத் தருகிறது. 633 நானோமீட்டரில் அது 4.5 பாகைக்குச் சமம். கட்ட வேறுபாடு 94.5 ஆனால் உச்சமும் தாழ்வும் 17 சதவீதம் விலகிவிடும். பக்கவாட்டு அழுத்தம் இரு கூறுகளின் அச்சுகளோடு சரியாக ஒத்த திசையில் அமைவதால், அதன் விளைவு சிறிதும் வீணாகாமல் கட்ட வேறுபாட்டோடு சேர்ந்துவிடுகிறது. மெல்லிய தகட்டில் இத்தகைய அழுத்தத்தை யாரும் பொருட்படுத்த வேண்டியதில்லை. நாங்கள் பின்னர் திருகை நீக்கிவிட்டு, ஒரு பக்கத் தட்டையில் மட்டும் மென்மையான சிலிக்கோன் பசையின் சிறு பொட்டுகளால் கட்டியை நிறுத்தினோம்; அதன் பிறகு அளவீடு நிலைத்துவிட்டது.

எதிரொளிக்கும் இரு முகங்களையும் விரல் படாமல் காக்க வேண்டும். வெளியே ஒளி வருவதில்லை என்பதால் அங்கே அழுக்கு இருந்தால் என்ன என்று தோன்றலாம். ஆனால் அலை பரப்புக்கு அப்பாலும் அலைநீளத்தின் சிறு பங்கு தொலைவு வரை நீண்டுதான் திரும்புகிறது. அங்கே ஒட்டியிருக்கும் பொருள் கட்டத் தாவலை மாற்றும். ஒரு நீர்த்துளி ஒட்டினால் அந்த இடத்தில் மாறுநிலைக் கோணம் 61 பாகைக்கு மேல் போய்விடுகிறது. 55 பாகையில் வரும் ஒளி முழு அக எதிரொளிப்பு அடையாமல் வெளியே கசியும். கைரேகையின் எண்ணெய்ப்பசையும் இதையே செய்கிறது. கற்றையின் ஒரு பகுதி மட்டும் மங்கினால் நான் முதலில் பார்ப்பது இந்த முகங்களைத்தான்.

எனக்கு உண்மையில் எரிச்சல் தருவது கற்றையின் இடப்பெயர்ச்சி. ஒளி உள்ளே வந்த திசைக்கு இணையாகவே வெளியேறினாலும், இந்த அளவுக் கட்டியில் 13 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விலகி வெளியேறுகிறது. வலச்சுழற்சியிலிருந்து இடச்சுழற்சிக்கு மாறக் கட்டியைச் சுழற்றினால் கற்றை ஒரு வட்டத்தில் அலையும், பின்னால் உள்ள அனைத்தையும் மறுபடி நேர்ப்படுத்த வேண்டியிருக்கும். எனவே நாங்கள் கட்டியைத் தொடுவதில்லை. முன்னால் உள்ள தளவிளைவாக்கியை 90 பாகை திருப்புகிறோம். சுழலும் உறுப்பாகவே வேண்டுமென்றால், ஒரே நிறத்தோடு வேலை செய்பவர் அலைத்தகட்டையே வாங்கலாம். அரை அலை விளைவு தேவைப்படுவோருக்கு இரு கட்டிகளை எதிரெதிராக இணைத்த வடிவம் கிடைக்கிறது. அதில் இடப்பெயர்ச்சி நீங்கிவிடும், கற்றை சற்றுச் சாய்ந்து நுழைந்தாலும் முதல் கட்டியில் கூடும் படுகோணம் இரண்டாவதில் குறைந்து பிழை பெருமளவு ஈடாகிவிடும். ஒற்றைக் கட்டியில் அந்த ஈடு இல்லை: முகங்கள் இணையானவை என்பதால் இரு எதிரொளிப்புகளின் பிழையும் ஒரே பக்கம் சேர்கிறது, வெளியே 1 பாகைச் சாய்வுக்குக் கட்டம் ஏறக்குறைய 0.9 பாகை நகர்கிறது. நுழைமுகத்திலிருந்து திரும்பும் மங்கலான எதிரொளிப்பை லேசரின் வாயிலிலேயே விழும்படி அமைத்துவிட்டால், இந்தப் பிழை கவலைப்படும் அளவுக்கு வராது.