தோப்பா, வீடா: அப்பாவின் உயில் முன் நிற்கும் மகள்

போச்சம்பள்ளிப் பக்கம் மகள் தன் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கிய மாந்தோப்பை, அப்பா தன் சொத்தென்றே நினைத்து மகன் பேருக்கு உயில் எழுதிவிட்டார். அதே உயிலில் கிருஷ்ணகிரி டவுனில் இருக்கும் தன் வீட்டை மகளுக்கும், மீதிச் சொத்தையெல்லாம் மகனுக்கும் வைத்தார். தோப்பின் மதிப்பு 20 லட்சம், வீட்டின் மதிப்பு 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பட்டாவும் பத்திரமும் மகள் பேரில் இருப்பதால், "தோப்பை விடாதே, வீட்டையும் வாங்கிக்கொள்" என்றுதான் சொந்தபந்தம் சொல்லும். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 180 முதல் 190 வரையிலான பிரிவுகளில் அந்த வழியை அடைத்து, இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்கச் சொல்கிறது. தோப்பு தன்னுடையது என்று அப்பா தவறாக நம்பியிருந்தாலும் விதி மாறாது.

உயிலுக்கு இசைந்தால், தோப்பு தம்பிக்குப் போய் வீடு மகளுக்கு வரும். அவளுக்கு 10 லட்சம் கூடுதல். மறுத்தால் தோப்பு அவளிடமே நிற்கும், ஆனால் வீட்டை விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த வீட்டின் மதிப்பிலிருந்து, ஏமாந்துபோன தம்பிக்கு முதலில் 20 லட்சம் ஈடுகட்டப்படும். எஞ்சிய 10 லட்சமும் மீதிச் சொத்தில் சேர்ந்து அவனுக்கே போகும். மதிப்பை மட்டும் பார்த்தால் இசைவதே லாபம். என்றாலும், தானே கிணறு வெட்டி, கன்று நட்டுக் காய்ப்புக்குக் கொண்டுவந்த தோப்பை இந்த ஒரு கணக்குக்காக விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுப்பதற்கு முன் உயிலின் வாசகத்தை ஒன்றுக்கு இரண்டு முறை படிக்க வேண்டும். "தோப்பில் எனக்குள்ள பாத்தியதை" என்று மட்டும் எழுதியிருந்தால் அப்பா மகளின் சொத்தைத் தொடவே இல்லை, எனவே தெரிவு என்ற பேச்சே எழாது. "தோப்புக்குப் பதிலாக வீடு" என்று எழுதிவிட்டு நகைகளைத் தனியாகக் கொடுத்திருந்தால், தோப்பை வைத்துக்கொள்பவள் வீட்டை மட்டுமே இழப்பாள், நகைகள் அவளுக்கே.

பலர் தேர்ந்தெடுப்பதும் மிகவும் ஆபத்தானதும் மூன்றாவது வழியான மௌனம். அப்பா இறந்து ஓராண்டுக்குள் அவள் தன் முடிவைத் தெரிவிக்காவிட்டால், உயிலை நிறைவேற்றுபவர் முடிவைக் கேட்பார். அதன் பிறகும் நியாயமான காலத்துக்குள் பதில் வராவிட்டால் அவள் இசைந்ததாகவே சட்டம் கொள்ளும், தோப்பு கைவிட்டுப் போகும். அதற்கிடையில் அவள் வீட்டு வாடகையை மாதாமாதம் வாங்கிக்கொண்டு, மறுப்புக்கு அடையாளமாக எதுவும் செய்யாமல் 2 ஆண்டுகள் கழித்துவிட்டால், எல்லாம் தெரிந்தே ஏற்றாள் என்ற அனுமானம் அவளுக்கு எதிராக எழும். அதை உடைக்க எதிர்ச்சான்று காட்டும் பொறுப்பு அவள் தலையில் விழும். ஆகவே தோப்புதான் வேண்டும் என்றால், முதல் மாத வாடகையைத் தொடும் முன்பே உயிலை நிறைவேற்றுபவருக்கு பதிவு வசதியுடன் கூடிய விரைவுத் தபாலில் மறுப்பை எழுதி அனுப்பிவிட வேண்டும்.