கரண்ட் வைக்க ஏற்காட்டிலிருந்து சேலம்: எந்த வழி உடம்புக்கு ஆகும்?

பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். சேலத்தில் 25 நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும் என்றார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து வாரம். வாரம் ஒருநாள் கீமோ மருந்தும் ஏறும். ஏற்காட்டில் எங்கள் ஒண்டிக்கடையிலிருந்து தினமும் எப்படிப் போய் வருவது என்பதுதான் வீட்டில் பெரிய பேச்சு.

பேருந்தை முதல் வாரத்திலேயே விட்டுவிட்டோம். செலவு குறைவுதான். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவிலும் உடம்பு இடமும் வலமும் ஆடும், நினைத்த இடத்தில் நிறுத்தச் சொல்லவும் முடியாது.

அடுத்து வாடகைக் கார், பேருந்து போகும் அதே அடிவாரம் பாதையில். முன் இருக்கையைச் சற்றுச் சாய்த்து, பார்வை சாலையில் இருக்கும்படி உட்கார்ந்தால் குமட்டல் குறைந்தது. பின்னால் படுக்க வைத்த அன்று பாதி மலையிலேயே வாந்தி. குப்பனூர் வழியில் வளைவு குறைவு, ஆனால் சுற்று. உட்கார்ந்தே இருக்கும் நேரம் கூடும். மழையில் அடிவாரம் பாதையில் மண் சரிந்தால் அதுதான் மாற்று வழி என்பதால், ஓட்டுநருக்கு அது பழகியிருக்க வேண்டும்.

எந்தப் பாதை என்பதைவிட எங்களைத் தடுமாற வைத்தது தண்ணீர்தான். இந்தச் சிகிச்சைக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். அப்போதுதான் குடல் மேலே விலகி, கதிர் அதன்மேல் படுவது குறையும். வீட்டிலேயே குடித்துவிட்டுக் கிளம்பிய முதல் நாள், பத்தாவது வளைவு தாண்டுவதற்குள் "நிறுத்துடா தம்பி" என்றார் பெரியம்மா. அப்புறம்தான் முறை பிடிபட்டது. மலையில் தொண்டை நனையும் அளவுக்கு மட்டும் குடித்து, மருத்துவமனையில் கழிவறை போய்வந்து, அங்கே சொன்ன அளவு குடித்துக் காத்திருப்பது. அதற்காகக் குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேர வேண்டும்.

மூன்றாம் வாரம் கணக்கே மாறியது. வயிற்றுப்போக்கு தொடங்கியது, சோர்வும் ஏறியது. மலைப்பாதையில் அவசரத்துக்குக் கழிவறைக்கு எங்கே போவது? கார் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் இதற்குப் பதில் இல்லை.

மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்தோம். தரைத்தளம், மேற்கத்தியக் கழிவறை, ஆட்டோவில் பத்து நிமிடம். வெள்ளி மாலை மலை ஏறி, ஞாயிறு மாலை இறங்கினோம். வாரம் பத்து மலைப்பயணம் இரண்டானதில், கார் வாடகை மிச்சம் அறை வாடகையில் பெரும்பகுதியைத் தாங்கியது. பெரியம்மாவுக்குச் சேலத்து வெயில் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. தினமும் ஒரு புலம்பல்.

மழைக்காலம் என்றால் நான் முதல் நாளிலிருந்தே அறைதான் எடுப்பேன். பாதை மூடி நாள் தவறினால் அது வெறும் அலைச்சல் அல்ல. வெளியிலிருந்து தரும் இந்தக் கதிர், அதன்பின் உடம்புக்கு உள்ளே வைக்கும் கதிர் இரண்டும் சேர்ந்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். இழுத்தால் பலன் குறையும். உள்ளே வைக்கும் நாட்களில் மயக்கம் கொடுப்பார்கள் என்பதால், அந்த இரவும் கீழேயே தங்கினோம்.