மெயிலுக்குக் கலர் போட 2,500 ரூபாய் அழுத கதை

சேலத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் யாராவது உங்களிடம் வந்து, "மெயிலை எல்லாம் கலர் கலராகப் பிரித்துத் தருகிறேன், ஆபீஸில் போட்டால் போனிலும் அப்படியே தெரியும்" என்று சொன்னால், காசை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 2,500 ரூபாயும் சீசனில் ஒரு சனிக்கிழமையும் போயின.

ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் எங்களுக்கு ஆறு அறை உள்ள தங்கும் விடுதி இருக்கிறது. கணக்கு வழக்கெல்லாம் கீழே அஸ்தம்பட்டியில், வீட்டு மாடியில். அதை அண்ணன் மகள் பார்த்துக்கொள்கிறாள். நான் பாதி நாள் மலையில், பாதி நாள் கீழே. கம்பெனி ஆட்களும் பெரிய குடும்பங்களும் அறை கேட்டு மெயில்தான் போடுகிறார்கள். அட்வான்ஸ் வந்தது எது, வராதது எது, ரத்தானது எது என்று ஒரு பார்வையில் தெரிய வேண்டும் என்பதுதான் என் தேவை.

ஜனவரியில் வந்தார் அந்தத் தம்பி. எங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது அவுட்லுக் 2016. அதில் மெயிலுக்கு நிறம் கொடுக்கும் Categorize பட்டன் இல்லை. "இதை வெளியே கொண்டுவருவதே தனி வேலைங்கண்ணா" என்று சொல்லி, மேலே உள்ள சின்னப் பட்டையில் அதைக் கொண்டுவந்து வைத்தார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பிரிவு. 1,800 ரூபாய். "போனில் தெரியுமா தம்பி?" என்று நான் வாய்விட்டே கேட்டேன். "எல்லா டிவைஸிலும் வரும்ணா, அதே மெயில்தானே" என்றார். அந்தப் பதிலை நம்பியதுதான் என் தப்பு.

அந்தப் பட்டன் ஏன் ஒளிந்திருந்தது என்று அன்றே யோசித்திருக்க வேண்டும். எங்கள் மெயில், வெப்சைட் போட்டபோது கூடவே வந்த டொமைன் மெயில். ஐமேப் முறையில் ஓடுகிறது. அப்படிப்பட்ட கணக்குக்கு அந்தப் பட்டனை அவுட்லுக்கே மறைத்துவிடுகிறது. காரணம் இருக்கிறது. ஐமேப்பில் மெயில் கடிதம் சர்வரில் இருக்கிறது. படித்தாயிற்றா, பதில் போட்டாயிற்றா, கொடி போட்டதா என்ற குறிகளும் சர்வரில் இருக்கின்றன. ஆனால் அவுட்லுக் போடும் நிறத்தை அது சர்வருக்கு அனுப்புவதே இல்லை. அந்தக் கம்ப்யூட்டரில் உள்ள .ost என்ற கோப்புக்குள் மட்டும் எழுதி வைத்துக்கொள்கிறது. கடைக்குள் நாம் மாட்டிய போர்டு மாதிரி. தெருவில் போகிறவனுக்கு எப்படித் தெரியும்? போன் சர்வரிடம்தான் மெயிலைக் கேட்கிறது. சர்வரிடம் நிறமே இல்லை.

இது புரியாமலே நான்கு மாதம் ஓடியது. மலையில் இருக்கும்போது போனைப் பார்த்தால் எல்லா மெயிலும் ஒரே மாதிரி வெள்ளையாக இருக்கும். நெட் சரியில்லை போல என்று விட்டுவிட்டேன். (மலையில் எதற்கும் இந்தச் சமாதானம் கைவசம் இருக்கிறது.) மே மாதம் ஒரு சனிக்கிழமைக்கு ஈரோட்டுக் குடும்பம் ஒன்று நான்கு அறை கேட்டு அட்வான்ஸும் அனுப்பிவிட்டது. அண்ணன் மகள் ஆபீஸில் பச்சை போட்டுவிட்டாள். அவளைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. நான் மேலே போனில் பார்த்தபோது அது பணம் வராத மெயில் மாதிரியே கிடந்தது. பெங்களூரில் இருந்து நேரில் வந்து நின்றவர்களுக்கு மூன்று அறையைத் திறந்துவிட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, குழந்தைகள் வாந்தி எடுத்து, களைத்துப்போய் வந்து இறங்கிய குடும்பத்திடம் "அறை இல்லை" என்று சொல்வது எப்படி இருக்கும் என்று எழுத எனக்கு மனசில்லை. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து, வேறு இடத்தில் அறை பிடித்து, வித்தியாசத்தையும் நானே கட்டினேன்.

தம்பியைக் கூப்பிட்டேன். முதலில் போன் பழசு என்றார். ஆப்பை அப்டேட் பண்ணச் சொன்னார். மூன்றாவதாக, "ப்ரொஃபைல் கெட்டுப்போயிருக்கு, ரீசெட் பண்ணினால் சரியாயிடும்ணா" என்று 700 ரூபாய்க்கு வந்து உட்கார்ந்தார். கணக்கை நீக்கினார், இடத்தை அடைக்கிறது என்று பழைய கோப்பையும் அழித்தார், திரும்பக் கணக்கைச் சேர்த்தார். மெயில்கள் எல்லாம் சர்வரில் இருந்து ஒன்றுவிடாமல் இறங்கின. நிறம் ஒன்றுகூட வரவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் எல்லாம் வெள்ளை! "சித்தப்பா, நாலு மாசம் போட்டது போச்சு" என்று அவள் சொன்ன பிறகுதான் அவருக்கே முகம் மாறியது.

உங்களுடையது எந்த வகை என்று பார்ப்பது சுலபம். அவுட்லுக்கில் File போய் Account Settings திறந்தால், முகவரிக்கு எதிரே Type என்று இருக்கும். `IMAP/SMTP` அல்லது `POP/SMTP` என்று இருந்தால் நிறம் அந்தக் கம்ப்யூட்டரைத் தாண்டாது. `Microsoft Exchange` என்று இருந்தால் கதை வேறு: மெயில் மேல் இருக்கும் பிரிவின் பெயரும், எந்தப் பெயருக்கு என்ன நிறம் என்ற பட்டியலும் சர்வரில் உள்ள அஞ்சல் பெட்டியிலேயே இருக்கின்றன. அதனால் இன்னொரு கம்ப்யூட்டரிலும் பிரௌசரிலும் தெரியும். அப்போதும் போனோடு வரும் மெயில் ஆப் அதைக் காட்டும் என்று நம்பிவிடாதீர்கள். அவுட்லுக் ஆப்பையே போட்டுப் பாருங்கள். இதெல்லாம் தலைசுற்றினால், வேலை பார்க்க வந்தவர் கிளம்பும் முன் ஒரே ஒரு மெயிலுக்குப் பச்சை போடச் சொல்லி, உங்கள் போனில் நீங்களே திறந்து பாருங்கள். பச்சை வராமல் காசு கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே என்னைப் போல ஐமேப்பில் நிறம் போட்டு வைத்திருப்பவர்கள் கணக்கை நீக்க யாரையும் விடாதீர்கள். முதலில் மெயில்களை நிற வாரியாக வரிசைப்படுத்துங்கள். அதே கணக்குக்குள் நிறத்துக்கு ஒரு ஃபோல்டர் வையுங்கள். பச்சை எல்லாவற்றையும் மொத்தமாகப் பிடித்து அதற்கான ஃபோல்டருக்குள் நகர்த்துங்கள், மற்றவற்றையும் அப்படியே. கணக்குக்குள் உள்ள ஃபோல்டர் சர்வரில் உருவாவதால் போனில் தானாக வந்துவிடும். கீழே தனியாக "This computer only" என்று தெரிகிற இடத்தில் மட்டும் ஃபோல்டர் போட்டுவிடாதீர்கள், அதுவும் மலை ஏறாது.

நாங்கள் இப்போது அப்படித்தான் மூன்று ஃபோல்டரில் ஓட்டுகிறோம். அவசரமாக நான் பார்க்க வேண்டியதற்கு அவள் கொடி போடுகிறாள். அது போனில் எனக்கு நட்சத்திரமாக வருகிறது. அழிந்துபோன நான்கு மாதத்தை பாங்க் பாஸ்புக்கை வைத்து ஒவ்வொரு மெயிலாக ஒத்துப் பார்த்துச் சரிசெய்ய அவளுக்கு மூன்று நாள் ஆனது.

தம்பி 700 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 1,800 கேட்டதற்கு, "பட்டன் வந்துச்சுல்லங்கண்ணா" என்றார்.