கடைக்கு 3,178 யூனிட் பில்: மீட்டர் டெஸ்டுக்கு எழுதிக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு மெஷின், ஒரு லேமினேஷன், பின்னால் ஒரு பழைய ஏசி. த்ரீ பேஸ் இணைப்பு, வணிகக் கட்டணம். இரண்டு மாதத்துக்கு 800 யூனிட்டுக்கு முன்பின்னாக ஓடும், பில் பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வரும். ஆறு வருடமாக இதில் பெரிய மாற்றம் இருந்ததில்லை.

போன முறை ரீடிங் எடுத்துவிட்டுப் போன அன்று மாலை போனுக்கு வந்த தொகை ரூ.35,000-க்கு மேல். அட்டையை எடுத்துப் பார்த்தேன். முந்தைய ரீடிங் 18,412, இப்போதைய ரீடிங் 21,590. வித்தியாசம் 3,178 யூனிட். கூட்டல் கழித்தல் சரியாகத்தான் இருந்தது. அதனால் எனக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை, மீட்டர்தான் பழுதாகி வேகமாக ஓடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பிரிவு அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் பில்லை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மீட்டர் ஓடியிருக்கு சார். சந்தேகம்னா டெஸ்டுக்கு எழுதிக் கொடுங்க. ஆனா பணத்தைக் கட்டிடுங்க, இல்லன்னா ஃபியூஸைப் பிடுங்கிடுவாங்க" என்றார். வெளியே வந்து ரீடிங்கைச் சரிபார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் "மீட்டர் வேகமாக ஓடுகிறது, சோதித்துத் தரவும்" என்று எழுதிக் கொடுத்து, சோதனைக் கட்டணமும் கட்டினேன். கடையில் கரண்ட் போனால் அன்றைய பிழைப்பே போய்விடும். அந்தப் பயத்தில், கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது கடன் வாங்கி முழுத் தொகையையும் கட்டிவிட்டேன்.

இருபதாம் நாள் டெஸ்ட் செய்ய வந்தார்கள். கருவியை மாட்டி ஏதோ பார்த்தார்கள், ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனார்கள். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது: மீட்டர் சரியாக இயங்குகிறது, எனவே பில் தொகை சரியானது. அவ்வளவுதான்.

அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு புலம்பிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கடை ஏசி மெக்கானிக் தம்பி வந்து, "அண்ணே, மீட்டரைக் காட்டுங்க" என்றார். மீட்டரில் இருக்கும் சின்ன பட்டனை ஒவ்வொரு முறையாக அழுத்தினார். திரையில் தேதி வந்தது, நேரம் வந்தது. பிறகு 19,579 என்று ஒரு எண், அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் kWh. இன்னும் இரண்டு அழுத்து அழுத்தியதும் 21,975 என்று வேறொரு எண். அதன் ஓரத்தில் kVAh.

விஷயம் இதுதான். நமக்குப் பில் போட வேண்டியது kWh எண்ணை வைத்து. மோட்டார், கம்ப்ரஸர் போன்றவை இழுக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கு வேலையாக மாறாமல் லைனில் போய் வந்துகொண்டிருக்கும். அதையும் சேர்த்துக் காட்டுவது kVAh. அதனால் அந்த எண் எப்போதும் kWh-க்கு மேலேயே இருக்கும். ரீடிங் எடுத்தவர் திரை மாறி மாறி ஓடும்போது kVAh எண்ணைக் குறித்துக்கொண்டு போயிருக்கிறார். முந்தைய ரீடிங் kWh, இந்த ரீடிங் kVAh என்றால், மீட்டர் மாட்டிய நாளிலிருந்து இந்த இரண்டு எண்ணுக்கும் இடையே சேர்ந்துவந்த மொத்த வித்தியாசமும் ஒரே பில்லில் என் தலையில் விழுந்துவிட்டது.

இதற்கு ஆதாரம் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. பில்லில் உள்ள ரீடிங் 21,590. அதற்கு 25 நாள் கழித்து kWh திரையில் இருப்பது 19,579. மீட்டர் பின்னோக்கி ஓடாது. இதைவிட வயிற்றெரிச்சலான ஒன்றைப் பிறகுதான் கவனித்தேன். டெஸ்ட் அறிக்கையின் நகலை வாங்கிப் பார்த்தால், அதிலேயே அன்றைய kWh ரீடிங் 19,510 என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பில்லில் உள்ள எண்ணோடு அதை ஒருவர்கூட ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. டெஸ்ட் என்பது மீட்டர் ஓடும் வேகத்தை மட்டும் பார்ப்பது. வேகம் சரி என்று வந்துவிட்டால், தவறான ரீடிங்கும் அதோடு சேர்ந்து சரியாகிவிட்டது போல் ஒரு கடிதம் வந்துவிடும். கவுண்டரில் சொன்னதைக் கேட்டு "மீட்டர் பழுது" என்று எழுதினீர்கள் என்றால் இதே சுற்றில்தான் மாட்டுவீர்கள்.

இரண்டாவது மனுவை உதவிப் பொறியாளர் பெயருக்கு எழுதினேன். இந்த முறை மீட்டரைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. சாரம் இதுதான்:

"எனது இணைப்பில் kWh ரீடிங்குக்குப் பதிலாக kVAh ரீடிங் பதிவாகியுள்ளது. பில்லில் உள்ள ரீடிங் 21,590. தங்கள் சோதனை அறிக்கையின்படி அதற்கு 20 நாட்களுக்குப் பின் kWh ரீடிங் 19,510. இன்று 19,579. முந்தைய ரீடிங்கான 18,412-லிருந்து 85 நாட்களில் 1,167 யூனிட் ஓடியுள்ளது. இந்தச் சராசரியில் பில் காலமான 60 நாட்களுக்கு 824 யூனிட் வருகிறது. நேரில் ரீடிங் எடுத்துச் சரிபார்த்து, இறுதி ரீடிங்கை 19,236 எனத் திருத்தி, கூடுதலாகப் பெற்ற தொகையை வரவு வைக்கக் கோருகிறேன்."

தேதியும் எண்ணும் யூனிட்டின் பெயரும் ஒன்றாகத் தெரியும்படி எடுத்த இரண்டு போட்டோ, பழைய மூன்று பில், டெஸ்ட் அறிக்கை ஆகியவற்றை இணைத்தேன். நகலில் சீல் வைத்துத் தேதி போட்டு வாங்கிக்கொண்டேன். அந்த ஒப்புகை இல்லாமல் எந்த மனுவையும் கொடுத்துவிட்டு வராதீர்கள், பின்னால் குறைதீர் மன்றத்துக்குப் போக நேர்ந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

பணம் கட்டிய விஷயத்திலும் நான் அவசரப்பட்டுவிட்டேன். மின்சாரச் சட்டம் 2003-இன் 56-ஆம் பிரிவில் இதற்கு வழி இருக்கிறது. பில்லில் தகராறு இருந்தால், கேட்ட தொகை அல்லது முந்தைய ஆறு மாதங்களில் கட்டியதன் சராசரிப்படி வரும் தொகை, இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டினால், தகராறு முடியும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. என் கணக்கில் அது பத்தாயிரம் ரூபாய்தான். ஆட்சேபத்துடன் கட்டுவதாகத் தனியாக எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கியிருந்தால் அந்தக் கடனுக்கு வட்டி கட்டியிருக்க வேண்டாம்.

"அடுத்த ரீடிங்ல தானா சரியாயிடும் சார்" என்றும் ஒருவர் சொன்னார். அதை நம்பியிருந்தால் அடுத்த முறை சரியான kWh எண் 20,000-ஐ ஒட்டித்தான் வந்திருக்கும், முந்தையது 21,590 என்று நிற்கும். கணக்கு மைனஸில் போகும். அதை மீட்டர் முழுச் சுற்று சுற்றிவிட்டது என்று எடுத்துக்கொண்டால் பில் எங்கே போய் நிற்கும் என்று நினைத்துப் பாருங்கள். கூடுதல் டெபாசிட் கணக்கிடும்போதும் அந்த 3,178 யூனிட் சராசரியில் உட்கார்ந்திருக்கும்.

மனு கொடுத்த ஒன்பதாம் நாள் வேறொருவர் வந்து ரீடிங் எடுத்தார். பிறகு திருத்தம் வந்தது: 824 யூனிட். கூடுதலாகக் கட்டிய ரூ.25,000 சொச்சம் கையில் வராது, வரும் பில்களில் கழியும். சோதனைக் கட்டணம் போனது போனதுதான்.

அடுத்த ரீடிங் நாளில் கடைப் பையனை ஜெராக்ஸ் மெஷினிடம் நிறுத்திவிட்டு மீட்டர் பெட்டி அருகில் நின்றேன். பட்டனை அழுத்தி, kWh என்று வந்ததும் நிறுத்தச் சொல்லி, அவர் குறிக்கும்போதே நானும் போட்டோ எடுத்துக்கொண்டேன். முந்தைய ரீடிங் கட்டத்தில் 19,236 என்று இருந்தது.